ஒன்று தொலைந்தால் ஆட்டம் சாகுமா?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஊரில் சிறுவர் விளையாட்டு மன்றம் ஒன்று தொடங்குகிறது என்று செய்தி பரவினால் போதும், முதல் வாரத்திலேயே பொருள் வந்து குவிந்துவிடும். பல வீடுகளில் பரண் சுத்தமாவதற்கு அதுதான் நல்ல நாள். குதிரை ஒன்று இல்லாத சதுரங்கம் வரும். பாதித் துண்டுகள் எங்கோ போய்விட்ட படப்புதிர் வரும். ரிமோட் இல்லாத கார், காகிதப் பணம் இல்லாத வியாபார ஆட்டம், கை கழன்ற பொம்மை என்று மூட்டை மூட்டையாக வந்து சேரும். கொடுத்தவருக்குப் பரண் காலி, புண்ணியமும் கிடைத்தது. வாங்கியவருக்கு ஓர் அலமாரி நிறைய பாரம். மூன்று மாதம் போனால் அந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் வராண்டாவில் சும்மா ஓடிக்கொண்டிருப்பார்கள். மன்றம் நடத்திப் பார்த்தவர்கள் பலரும் இந்த அலமாரியைப் பார்த்தவர்கள்தான்.

பணம் இல்லாததால்தான் இப்படி ஆகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பணம் கொடுத்துப் புதிதாக வாங்கினாலும் இதே கதிதான், ஆறு மாதம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான். சிறுவர் மன்றத்தில் பொருள் தொலையத்தான் செய்யும். இருபது முப்பது பிள்ளைகள் கூடுகிற இடத்தில் காய் மூலைக்கு உருளும், தம்பியின் சட்டைப்பைக்குள் போகும், பெருக்குகிற அம்மாவின் துடைப்பத்தில் சிக்கும். ஆகவே எந்தப் பொருளையும் உள்ளே எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் ஒன்று தொலைந்தால் ஆட்டம் சாகுமா?

படப்புதிரில் ஒரு துண்டு போனால் எல்லாமே போயிற்று. அதைத் தானமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சதுரங்கத்தில் குதிரை போனால் பாட்டில் மூடி ஒன்றில் 'கு' என்று எழுதி நிறுத்திவிடலாம், ஆட்டம் நொண்டிக்கொண்டாவது நடக்கும். கேரம் காய்களில் கறுப்பு ஒன்று தொலைந்தால் வெள்ளையிலும் ஒன்றை எடுத்துவிட்டு, ஒன்பதுக்கு ஒன்பது என்பதை எட்டுக்கு எட்டு ஆக்கிக்கொள்ளலாம். பல்லாங்குழியில் ஒரு புளியங்கொட்டை தொலைந்தால் இன்னொன்றை எடுத்துப் போட வேண்டியதுதான். காசில்லாமல் மன்றம் நடத்துகிறவர் இந்தக் கடைசி வகையை நடுவில் வைத்து, மற்றவற்றை ஓரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் பழைய ஆட்டங்களுக்கு இதில் இடம் கிடைப்பது பண்பாட்டுப் பெருமைக்காக அல்ல. அவை கொட்டையிலும் கல்லிலும் கரிக்கோட்டிலும் ஆடப்பட்டவை. காய் தொலையும் என்பது தெரிந்தே அவற்றை ஆடி வந்திருக்கிறார்கள்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், நூலகத்தின் பின் வராண்டா, ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை 24 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பல்லாங்குழிகளில் எட்டுப் பேர். இரண்டு தாய விரிப்புகளில் எட்டுப் பேர். இரண்டு ஆடுபுலி ஆட்டங்களில் நான்கு பேர். தானமாக வந்த கேரம் பலகை ஒன்றில் நான்கு பேர். ஒருவரும் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. இதற்கு என்னென்ன வேண்டும், எங்கே கிடைக்கும்?

முதலில் புளியங்கொட்டை. பல்லாங்குழியில் ஏழு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடினால் ஒரு பலகைக்கு 70 காய், நான்கு பலகைக்கு 280. ஆடுபுலிக்கு ஆடுகளாக 30. தாயத்தில் உருட்டுவதற்கு எட்டு. கூட்டிப் பார்த்தால் 318. தொலைவதற்கும் சேர்த்து நானூறு வைத்துக்கொண்டால் ஒரு சொம்புக்குள் அடங்கிவிடும். மாசி, பங்குனியில் புளி தட்டுகிற வீடுகளில் கேட்டால் படி கணக்கில் கொடுப்பார்கள். கொட்டையை எடைக்கு வாங்க வியாபாரிகள் வருவார்கள் என்பதால், அவர்கள் வருவதற்குள் போய்க் கேட்க வேண்டும்.

அப்படி வாங்கி வந்ததை நேராக டப்பாவில் கொட்டி மூடினால் வீணாகிவிடும். கொட்டையில் ஒட்டியிருக்கும் புளி ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மணலோடு சேர்த்துக் கசக்கி அலசி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும், மந்தமாக ஒலித்தால் இன்னும் காயவில்லை. குண்டூசித் தலை அளவு ஓட்டை உள்ள கொட்டைகளை அப்போதே பொறுக்கி எறிந்துவிடுங்கள். உள்ளே வண்டு இருந்திருக்கிறது, மற்றவற்றுக்கும் பரவும். டப்பாவில் ஒரு கொத்து வேப்பிலைச் சருகு போட்டு வைப்பது பழைய வழக்கம்.

பல்லாங்குழிப் பலகை முட்டை அட்டையில் ஒளிந்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் முப்பது முட்டை அட்டையில் ஆறு குழி நீளம், ஐந்து குழி அகலம். ஏழு குழி எந்தப் பக்கமும் கிடையாது என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டு வரிசை, இரண்டு வரிசை, மீதி ஒரு வரிசை என்று வெட்டுங்கள். பன்னிரண்டு குழி உள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும், ஆறு குழி உள்ள ஒற்றை வரிசை மிஞ்சும். அந்த ஒற்றை வரிசையை இரண்டிரண்டாக நறுக்கினால் மூன்று சிறு துண்டு. ஒவ்வொரு பன்னிரண்டின் முனையிலும் ஒரு சிறு துண்டைக் குறுக்கே வைத்து, கோணி ஊசியும் சணல் நூலுமாகத் தைத்துவிட்டால் இரண்டு பல்லாங்குழி தயார். முப்பது குழியில் இருபத்தெட்டு செலவு, இரண்டு மிச்சம். நான்கு பலகைக்கு இரண்டு அட்டை போதும். அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒட்டிவிட்டால் ஆடும்போது வளையாது. ஜெயித்த காயைப் போட்டு வைக்க ஆளுக்கொரு கொட்டாங்குச்சி.

முட்டை அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. முட்டை உடைந்து வழிந்த கறை இருந்தால் அந்த அட்டையைத் தொடவே வேண்டாம், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். காகிதக்கூழ் அட்டையைக் கழுவவும் முடியாது. கறையில்லாததாக எடுத்து நல்ல வெயிலில் காயவைத்து, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளைக் கை கழுவ வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, சோப்புப் போட்டுக் கழுவலாம். எதுவுமே கிடைக்காத நாளில் தரையில் சாக்கட்டியால் பதினான்கு வட்டம் போதும், அல்லது மண் தரையில் பதினான்கு பள்ளம்.

ஆட்டம் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு அவர் முறை முடிகிறது. நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். சண்டை பெரும்பாலும் இந்தப் பசுவில்தான் வரும். ஒரு வீட்டில் பசுவைக் கண்டவர் எடுப்பார், இன்னொரு வீட்டில் குழிக்குச் சொந்தக்காரர்தான் எடுப்பார். இரண்டுமே சரி. ஆகவே மன்றத்துச் சட்டம் எது என்று சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வீட்டில் பாட்டி வேறு மாதிரி ஆடுவார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அடுத்த வாரம் முழுவதும் அந்தப் பாட்டியின் சட்டப்படி ஆடலாம். காய் ஏதும் வாங்காமலே இன்னொரு ஆட்டம் சேர்ந்துவிடுகிறது.

விதைகளைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பல்லாங்குழிக்கு என்று அழகான விதைகளை யாராவது கொண்டு வருவார்கள். முழுச் சிவப்பாகப் பளபளப்பது மஞ்சாடி. சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பாக இருப்பது குன்றிமணி. குன்றிமணியை மன்றத்துக்குள் விடவே கூடாது. தோல் உடையாமல் விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், ஆனால் மென்றாலோ மாலைக்காகத் துளையிட்டிருந்தாலோ உள்ளிருக்கும் விஷம் உடம்பில் கலக்கும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. ஆமணக்கு விதைக்கும் இதே தடை. அந்தக் காலத்தில் எல்லோரும் குன்றிமணியில்தான் ஆடினோம் என்று பெரியவர் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் தனியாக, பெரியவர்களோடு ஆடட்டும்.

இனித் தாயம். இதில் விரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர்களால் மூடிக் கிடக்கும் ஊர் நம்முடையது. காதுகுத்து, திறப்பு விழா, தலைவர் பிறந்தநாள் என்று கட்டுவார்கள், விழா முடிந்ததும் வேண்டாத குப்பை. கட்டியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளுத்த பின்புறத்தில் எனாமல் பெயிண்டால் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, நடுக்கட்டத்திலும் நான்கு பக்கத்து நடுக்கட்டங்களிலும் பெருக்கல் குறி போட்டால் தாயம் தயார். ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் நான்கே வாரத்தில் அழிந்துவிடும், எனாமல் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகு சுருட்டி வைக்கலாம், மடித்தால் மடிப்பில் பெயிண்ட் வெடிக்கும். ஒரு வீட்டு வாசல் பேனரில் இரண்டு தாயமும் இரண்டு ஆடுபுலியும் தாராளமாக வரும்.

உருட்டுவதற்குத் தாயக்கட்டை வேண்டாம், நான்கு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில் தேய்த்து, பழுப்புத் தோலை நீக்கி வெள்ளையைக் கொண்டுவர வேண்டும். இந்தத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் உடனே கண்டுபிடிக்கும் விஷயம், தேய்த்த கொட்டை சூடாகும் என்பது. பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துச் சூடு போடுவார்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்கச் சொன்னால் அந்தச் சேட்டையும் அடங்கும், தோலும் சீக்கிரம் உரியும்.

நான்கையும் உருட்டி, எத்தனை வெள்ளை மேலே இருக்கிறதோ அத்தனை நகர்த்துவது. ஒன்று மட்டும் வெள்ளையானால் தாயம். எல்லாம் பழுப்பானால் எட்டு. இந்தக் கொட்டைக் கணக்கில் சிறுவர் மன்றத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உருட்டினால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம், அவற்றில் தாயம் விழுவது இரண்டு விதத்தில் மட்டும். நான்கு கொட்டைகளும் பதினாறு விதமாக விழும், தாயம் நான்கு விதத்தில் வரும். அதாவது இரண்டு மடங்கு. தாயம் விழாமல் காயைக் கட்டத்துக்குள் இறக்க முடியாது என்பதால், பித்தளைக் கட்டையில் ஆடும் ஒரு பிள்ளை மற்ற மூவரும் பாதி வழி போகும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்க நேரும். அப்படி உட்கார்ந்த பிள்ளை அடுத்த வாரம் வராது. கொட்டையில் ஆடினால் காத்திருப்பு பாதியாகக் குறைகிறது.

ஆனால் அந்தப் பதினாறு கணக்கு, கொட்டை இரு பக்கமும் சமமாக விழுந்தால்தான் பொருந்தும். அளவுக்கு மீறித் தேய்த்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால், கொட்டை ஒரே பக்கமாகச் சாயப் பழகிவிடும். பார்த்தால் தெரியாது, உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு கொட்டையை ஐம்பது தடவை உருட்டி, வெள்ளை எத்தனை முறை விழுந்தது என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். சரியான கொட்டை இருபத்தைந்தை ஒட்டி வரும். பதினெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பத்தோ நாற்பதோ வந்தால் அது ஆட்டுக் காயாகப் போகட்டும். தனக்குத் தாயமே விழவில்லை, கொட்டை கள்ளக்கொட்டை என்று அழுகிற பிள்ளையிடம் இந்தச் சோதனையைக் கொடுத்தால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். சில சமயம் அந்தப் பிள்ளை சொன்னதே உண்மையாகவும் இருக்கும்.

நகர்த்தும் காய்க்கு ஆளுக்கு நான்கு வேண்டும். ஒருவருக்கு உடைந்த சாக்கட்டித் துண்டு, ஒருவருக்குச் சட்டைப் பொத்தான், ஒருவருக்குக் கூழாங்கல், ஒருவருக்குக் குன்றிமணியும் முத்துக்கொட்டையும் தவிர வேறு எந்தக் கொட்டையும். முத்துக்கொட்டை என்றாலும் ஆமணக்குதான், பெயர் அழகாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நான்கு காயும் பழம் ஆகும்வரை ஆடினால் இரண்டு மணி நேரமும் போதாது. மன்றத்தில் ஆளுக்கு இரண்டு காய் என்று குறைத்துக்கொண்டால், மணி அடிக்கும்போது அரைகுறையாக எழுந்திருக்க வேண்டியதில்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் வரைவதுதான் கடினம், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மலை உச்சி போல ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்க வேண்டும். அந்த நான்கையும் குறுக்கே வெட்டி மூன்று படுக்கைக் கோடுகள், இரு பக்கமும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு. இடப்பக்கம் நீண்ட மூன்று முனைகளையும் ஒரு கோட்டால் இணைக்கவும், வலப்பக்கமும் அப்படியே. கடைசியாக நான்கு கோடுகளும் முடிகிற அடிப்பகுதியை இன்னொரு படுக்கைக் கோட்டால் இணைத்துவிட வேண்டும். இப்போது கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். உச்சியில் ஒன்று, நடுவிலுள்ள மூன்று கோடுகளிலும் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடியில் நான்கு. மொத்தம் 23. எண்ணிக்கை குறைந்தால் ஏதோ ஒரு கோடு குறுக்குக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். பெயிண்ட் எடுக்கும் முன் சாக்கட்டியால் வரைந்து எண்ணிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குப் பாட்டில் மூடி, ஆட்டுக்குக் கொட்டை. பதினைந்து ஆட்டையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது, புலி மட்டும் நகரும், தாண்டி வெட்டும். புதிதாக ஆடுகிற பிள்ளைகளிடம் எல்லாப் புலியும் ஜெயிக்கும். ஆடு வைக்கிறவர் புலிக்குப் பக்கத்திலேயே தனி ஆட்டைக் கொண்டுபோய் வைப்பார், பின்னால் உள்ள புள்ளி காலியாக இருக்கும். ஓரங்களிலிருந்து தொடங்கி, ஒன்றின் முதுகை ஒன்று காக்கும்படி வைக்கச் சொன்னால் இரண்டு மூன்று ஆட்டத்தில் புலி திணறத் தொடங்கும். எண்ணிக்கையில் சமமில்லாத இரு பக்கம் என்பதால், ஏழு வயதுப் பிள்ளைக்குப் புலியும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆடும் கொடுத்து, வயது வித்தியாசத்தையும் சரிக்கட்டிக்கொள்ளலாம். சதுரங்கத்தில் இப்படிச் செய்ய வழியில்லை.

கேரம் பலகை மட்டும் தானமாக வர வேண்டியது. பலகை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, வெவ்வேறு இடங்களில் ஸ்ட்ரைக்கரை மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்து போனால் பலகை மழையில் நனைந்து உப்பியிருக்கிறது, அது ஆட்டத்துக்கு ஆகாது. ஆகாத பலகையைத் திருப்பிப் போட்டால் ஆடுபுலி வரைய நல்ல இடம். பல வீடுகளில் கேரமுக்குப் போடுவது போரிக் பவுடர். சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைக்கிற இடத்தில் அது வேண்டாம், துளி சோள மாவு போதும், ஆட்டம் முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

தானம் கேட்கும் விதமும் முக்கியம். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று அறிவித்தால் பரண்தான் வரும். இன்ன பொருள், இத்தனை வேண்டும் என்று எழுதிப் போட்டால் அதுவே வரும்: கறையில்லாத முட்டை அட்டை 2, மூடி இறுகும் பிஸ்கட் டப்பா 8, ஃப்ளெக்ஸ் பேனர் 1, ஓடு வெடிக்காத கொட்டாங்குச்சி 8, உப்பாத கேரம் பலகை 1. எட்டு டப்பா எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஒருவர் எட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். காசு கொடுத்து வாங்க வேண்டியவை சாக்கட்டி, ஒரு சிறு எனாமல் டப்பா, பிரஷ், கோணி ஊசி, சணல் நூல் மட்டும். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

தானத்தை மறுக்கவும் பழக வேண்டும். சத்தம் போடும், விளக்கு எரியும் பொம்மைகளில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயையே அரித்துவிடக்கூடியது அது. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருந்தாலொழிய அதை வாங்கக் கூடாது. பழைய டயர் கொடுக்க வருவார்கள், குச்சியால் தட்டி ஓட்ட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஓட்டை போட்டு, கூரைக்கடியில் தொங்கவிட முடிந்தால் வாங்கலாம். கொட்டாங்குச்சிகளையும் கவிழ்த்தே அடுக்க வேண்டும். அண்ணன் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் மூன்று வயதுக்குட்பட்ட வாண்டுகளுக்கு இந்தக் கொட்டை, மூடி எதுவும் ஆகாது. பொம்மைகளைச் சோதிக்க உலக அளவில் ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள், விட்டம் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக இறங்கும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடிகூட அதில் இறங்கிவிடும். வாண்டுகளுக்குத் தனியாக ஒரு மூலையில் துணிப்பந்தும் காலி அட்டைப்பெட்டிகளும் கொடுத்து உட்கார வைப்பதே வழி.

தானப் பொருளை வைத்தே பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெருமந்தக் காலம், 1935. லாஸ் ஏஞ்சலஸில் கடையொன்றில் சில்லறைப் பொருள் திருடி மாட்டிக்கொண்ட சிறுவர்கள், விளையாட்டுப் பொருள் செய்யத்தான் எடுத்தார்கள் என்று தெரிய வந்ததாக அந்த ஊர்ப் பொம்மைக் கடன் திட்டத்தின் கதை தொடங்குகிறது. வீடுகளிலிருந்து வந்த பொம்மைகளைப் பழுது பார்த்து, நூலகத்தில் புத்தகம் தருவது போல இரவல் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் உயிர், பொம்மையைவிட, பழுது பார்க்கும் மேசையிலும் திரும்பி வந்ததா என்று குறிக்கும் அட்டையிலும் இருந்தது.

டென்மார்க்கில் 1943-இல், நாடு நாஜிகளின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரப் என்ற இடத்தில் ஒரு குப்பைப் பொருள் விளையாட்டுத் திடல் திறந்தார்கள். நிலவடிவமைப்பாளர் சோரென்சென் தாம் கட்டிய அழகான பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆடுவதைக் கவனித்தவர். பழைய பலகை, செங்கல், கயிறு என்று கொட்டி வைத்தார்கள், பிள்ளைகள் தாமே கட்டி இடித்து விளையாடினார்கள். போருக்குப் பிறகு 1946-இல் அங்கே போன ஆலன் சீமாட்டி என்ற பிரிட்டிஷ் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுப் பிரிட்டனில் குண்டு விழுந்த மனைகளில் அதேபோன்ற திடல்கள் உருவாகக் குரல் கொடுத்தார். எம்ட்ரப்பில் பொருள் எல்லாம் இலவசம். ஆனால் யோன் பெர்டெல்சென் என்ற பொறுப்பாளர் ஒருவர் முழுநேரமும் அங்கே இருந்தார். பொருளுக்குக் காசு வேண்டாத மன்றத்தில் ஆளுக்கு நேரம் வேண்டியிருக்கிறது, அதை எழுதி வைக்காத கணக்கு பொய்க் கணக்கு. மேலே சொன்ன 24 பிள்ளை மன்றத்துக்கு ஆட்ட நேரம் இரண்டு மணி என்றால், முன்னால் விரிக்க அரை மணி, பின்னால் எண்ணி வைக்க அரை மணி, வாரம் முழுவதுக்குமான பழுது வேலைக்கு இன்னொரு மணி என்று ஒதுக்க வேண்டியிருக்கும். இரண்டு பெரியவர்கள் மாற்றி மாற்றி வந்தால் நடக்கும். ஒருவரே செய்தால் தேர்வு நேரத்தில் நின்றுவிடும்.

எண்ணி வைக்கும் அந்த அரை மணியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம், அதற்கும் ஒரு சுலப வழி உண்டு. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் உள்ளே இருக்க வேண்டிய எண்ணிக்கையைப் பெயிண்டால் பெரிதாக எழுதிவிட வேண்டும். எழுபது கொட்டையை ஒன்று இரண்டு என்று எண்ணச் சொன்னால் நடுவில் பேச்சு வந்து தப்பும். பதிலாக, குழிக்கு ஐந்து வீதம் பல்லாங்குழியை நிரப்பச் சொல்லுங்கள். பதினான்கு குழியும் நிரம்பினால் கணக்கு சரி, கடைசிக் குழியில் மூன்று இருந்தால் இரண்டு குறைகிறது. நிரப்பிய பலகையை ஒருவர் வந்து பார்த்துவிட்டு டப்பாவில் கொட்டச் சொல்லலாம். ஆடுபுலிக்கும் இதே முறைதான்: பதினைந்து ஆட்டையும் மூன்று புலியையும் புள்ளிகளில் வைத்துக் காட்டினால் ஐந்து புள்ளி காலியாக இருக்க வேண்டும். குறைந்ததை அங்கேயே சொம்பிலிருந்து எடுத்துப் போட்டு மூடிவிட வேண்டும். அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன்பே சண்டை தொடங்கும்.

இப்படி எதையும் வீட்டிலும் தெருவிலும் தேடியே எடுத்துவிடலாம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். துணியைச் சுருட்டி, சைக்கிள் டியூப் வளையங்களை மேலே மாட்டிப் பந்து செய்யலாம், எறியவும் பிடிக்கவும் ஆகும், ஆனால் துள்ளாது. துள்ளுகிற பந்து வேண்டுமென்றால் டென்னிஸ் ஆடுகிறவர்களிடம் பழையதைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். இறகுப்பந்தின் பூவுக்கு மாற்றே கிடையாது. கிட்டிப்புள் செய்ய ஒரு கொம்பு ஒடித்தால் போதும், ஆனால் புள் எங்கே பறக்கும் என்று அடிப்பவருக்கே தெரியாது, கண்ணில் பட்டால் கதை முடிந்தது. சுற்றிலும் யாரும் நிற்காத பெரிய மைதானம் இருந்தால் தவிர, மன்றத்தின் பட்டியலில் அது வேண்டாம். பம்பரத்துக்கு ஆணி கூராக இருக்கும், அதைக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆணியின் முனையை மழுக்கிக் கொடுத்து, சிமெண்ட் தரையில் கோடு கிழித்து அதற்குள் மட்டும் விடச் சொல்லலாம்.

மழைக்காலத்தில் ஃப்ளெக்ஸ் விரிப்புகளைச் சுருட்டி, தரையில் படாமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். முட்டை அட்டை அந்தப் பருவத்தில் உப்பிப் பிய்ந்துவிடும், மாற்றி வெட்டத் தயாராக இரண்டு அட்டை கூடுதலாக வைத்திருப்பது நல்லது. புளியங்கொட்டைச் சொம்பு பங்குனி வரை தாங்க வேண்டும், அதற்குப் பிறகு புதுக்கொட்டை வந்துவிடும்.